முடிவு ஒன்று, காரணம் வேறு: உடன்பாட்டுத் தீர்ப்பைச் சுருக்கி எழுதுவது எப்படி?

ஒரு வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்கிறார்கள். அவர்களில் மூவர் ஒரே முடிவுக்கு வருகிறார்கள், ஆனால் மூன்றாமவர் வேறு வழியாக வருகிறார். இப்படித் தனியாக எழுதப்படும் உடன்பாட்டுத் தீர்ப்பைச் சுருக்கச் சொன்னால், புதிதாக வரும் ஜூனியர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: 'நீதிபதி இன்னாரும் இதே கருத்தைத் தெரிவித்தார்.' அவர் தெரிவித்தது இதே கருத்து அல்ல. இதே முடிவுதான். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் அந்தச் சுருக்கமே தேவைப்படுகிறது.

முறையை ஒரே வழக்கை வைத்துச் சொல்கிறேன். 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், ஒரே மூச்சில் மூன்று முறை தலாக் சொல்லி மணத்தை முறிக்கும் முத்தலாக் நடைமுறையை 3:2 என்ற கணக்கில் ரத்து செய்த ஷாயரா பானு வழக்கு அது. தலைமை நீதிபதி ஜே.எஸ்.கேஹர், குரியன் ஜோசப், ரோஹிண்டன் நாரிமன், யு.யு.லலித், எஸ்.அப்துல் நசீர் ஆகிய ஐவர் அமர்வு மூன்று தீர்ப்புகளை எழுதியது. அவற்றில் நாம் சுருக்கப்போவது குரியன் ஜோசப் தனியாக எழுதியதை. மூன்றிலும் மிகச் சிறியது அதுதான். சுருக்குவதற்கு மிகக் கடினமானதும் அதுதான்.

## 1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முழுத் தீர்ப்பும் வேண்டும், 395 பக்கங்களும். செய்தித்தாள் குறிப்பையோ, சட்ட இதழ்கள் தீர்ப்பின் தலையில் அச்சிடும் சாரத்தையோ வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். அவற்றை எழுதியவர் செய்த பிழை உங்கள் பிழையாகிவிடும்.

நீதிபதிகள் எந்தச் சட்டத்தைப் பற்றி வாதிடுகிறார்களோ அந்தப் பிரிவின் மூலமும் பக்கத்தில் இருக்கட்டும். இங்கே அது 1937-ஆம் ஆண்டின் ஷரியத் சட்டம், 2-வது பிரிவு. முஸ்லிம்களின் திருமணம், மணமுறிவு, வாரிசுரிமை போன்றவற்றில் வழக்காறுகளை விலக்கி, ஷரியத்தே தீர்ப்புக்குரிய விதி என்று சொல்லும் பிரிவு அது. மூன்று தீர்ப்புகளும் பிரிகிற இடம் இந்த ஒரு பிரிவின் பொருளில்தான் இருக்கிறது. அதைப் படிக்காதவருக்கு நீதிபதிகள் எதற்காக முரண்படுகிறார்கள் என்பது பிடிபடாது.

மூன்றாவதாக, தனித் தீர்ப்பு தாங்கி நிற்கும் முன்தீர்ப்பு. குரியன் ஜோசப்புக்கு அது 2002-ஆம் ஆண்டின் ஷமீம் ஆரா வழக்கு. தலாக்குக்கு நியாயமான காரணம் இருக்க வேண்டும், இரு குடும்பங்களின் சார்பிலும் நடுவர்களை வைத்துச் சமரசம் செய்ய முதலில் முயன்றிருக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு கூறியது. அது நீளமானதல்ல. ஒரே அமர்வில் படித்துவிடலாம்.

## 2. கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

இந்தத் தீர்ப்பை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்குபவர் தலைமை நீதிபதி கேஹரின் விரிவான தீர்ப்பில் நுழைவார். அது முதலில் இருக்கிறது, மற்ற இரண்டையும்விட நீளமாக இருக்கிறது, எழுதியவரும் தலைமை நீதிபதி. எனவே அதுதான் நீதிமன்றத்தின் தீர்ப்பு என்று எண்ணத் தோன்றும். ஆனால் அது தோற்ற தரப்பு. கேஹரும் நசீரும் முத்தலாக்கை ரத்து செய்ய மறுத்தவர்கள். ஒரு ஜூனியர் ஒரு மாலை முழுவதும் உழைத்துக் கேஹரின் தீர்ப்பை 'பெரும்பான்மை' என்று தலைப்பிட்டுச் சுருக்கிக்கொண்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அத்தனையும் வீணாயிற்று.

கடைசிப் பக்கத்தில் 'நீதிமன்றத்தின் உத்தரவு' என்று ஒரு சிறு குறிப்பு உண்டு. வெவ்வேறு கருத்துகள் பதிவாகியுள்ளதைக் கருத்தில் கொண்டு, 3:2 பெரும்பான்மையில் முத்தலாக் நடைமுறை ரத்து செய்யப்படுகிறது என்பதே அதன் சாரம். ஐவரும் கையெழுத்திட்ட ஒரே பகுதி அதுதான். காரணம் எதையும் அது சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஐவரும் சேர்ந்து சொல்லக்கூடியதாக இருந்தது முடிவு மட்டுமே.

பிறகு ஒவ்வொரு தீர்ப்பின் இறுதியிலும் யார் யார் கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள். கேஹரோடு நசீர். நாரிமனோடு லலித். குரியன் ஜோசப் தனியாக. இதைத் தாளின் தலைப்பில் எழுதிவையுங்கள். ரத்து செய்தவர்கள் மூவர். அவர்களில் இருவர் சேர்ந்து சொன்ன காரணத்தை முதன்மைத் தீர்ப்பாகக் கொள்கிறோம். மூன்றாமவருடையது உடன்பாட்டுத் தீர்ப்பு.

## 3. முதன்மைத் தீர்ப்பை ஏணியாகப் பிரியுங்கள்

தனித் தீர்ப்பு எங்கே விலகுகிறது என்று சொல்வதற்கு, எதிலிருந்து விலகுகிறது என்பது தெளிவாக இருக்க வேண்டும். எனவே முதன்மைத் தீர்ப்பை ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் படிகளாகப் பிரித்து, ஒரு படிக்கு ஒரு வாக்கியம் எழுதுங்கள். நாரிமனின் ஏணி இப்படி அமையும்.

முதல் படி: 1937 சட்டம் முத்தலாக்கையும் அங்கீகரித்து நடைமுறைப்படுத்துகிறது. ஆகவே அது அரசியலமைப்புக்கு முன்பிருந்தே அமலில் உள்ள சட்டம், அடிப்படை உரிமைகளோடு உரசிப் பார்க்கத்தக்கது.

இரண்டாம் படி: முத்தலாக் மதத்தின் இன்றியமையாத நடைமுறை அல்ல. அதனால் அரசியலமைப்பின் 25-வது பிரிவு தரும் மதச் சுதந்திரம் அதைக் காக்காது.

மூன்றாம் படி: சட்டமன்றம் இயற்றிய சட்டமே ஆனாலும், வெளிப்படையாகத் தன்னிச்சைப் போக்கு கொண்டதாக இருந்தால், சமத்துவ உரிமை தரும் 14-வது பிரிவின் கீழ் ரத்து செய்யலாம்.

நான்காம் படி: சமரசத்துக்கு இடமே தராமல், கணவனின் விருப்பத்துக்கு ஒரு நொடியில் மணவாழ்வை முறித்துவிடும் முத்தலாக் அப்படிப்பட்டதுதான்.

ஐந்தாம் படி: ஆகவே முத்தலாக்கை அங்கீகரிக்கும் அளவுக்கு 1937 சட்டம் செல்லாது.

படிகளை எண்ணிட்டு வைப்பதற்குக் காரணம் உண்டு. 'குரியன் ஜோசப் மாறுபடுகிறார்' என்று எழுதினால் வாசிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. 'முதல் படியில் மாறுபடுகிறார்' என்றால் அவர் கையில் ஒரு செய்தி இருக்கிறது. முதல் படி சாய்ந்தால் அதன்மேல் நிற்கும் நான்காம் படியும் ஐந்தாம் படியும் அவருக்கு எட்டாமல் போகும் என்பதை வாசகரே உணர்ந்துகொள்வார்.

## 4. தனித் தீர்ப்பை, அது மட்டுமே இருப்பதாக எண்ணி வாசியுங்கள்

ஏணி தயாரானதும் அதை மூடிவைத்துவிடுங்கள். முதல் வாசிப்பில் ஒப்பிடாதீர்கள். ஒப்பிட்டுக்கொண்டே படித்தால், ஏணியில் இருப்பவை மட்டுமே கண்ணில் படும். தனித் தீர்ப்பு சொந்தமாகக் கட்டியிருக்கும் வழி தெரியாமலே போய்விடும்.

முதலில் அவர் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட கேள்வியைத் தேடுங்கள். ஒவ்வொரு தீர்ப்பிலும் அது எங்கோ ஓரிடத்தில் இருக்கும், பெரும்பாலும் தொடக்கப் பத்திகளில். நாரிமனின் கேள்வி, இந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணா என்பது. குரியன் ஜோசப்பின் கேள்வியோ, முத்தலாக்குக்குச் சட்டத்தின் ஒப்புதல் என்று ஒன்று இருக்கிறதா என்பதுதான். கேள்வி மாறினால் எல்லாம் மாறும். ஒருவர் இருக்கும் ஒரு சட்டத்தை ரத்து செய்கிறார். இன்னொருவர், ரத்து செய்ய அப்படியொரு சட்டமே இல்லை என்கிறார்.

அடுத்து அவருடைய ஏணி. 1937 சட்டம் ஷரியத்தை முஸ்லிம்களின் தனிநபர் சட்டமாக அறிவித்தது. ஷரியத்தின் முதல் மூலம் குர்ஆன். மணமுறிவுக்கு முன் சமரச முயற்சி வேண்டும் என்று குர்ஆன் சொல்கிறது. முத்தலாக் அந்தக் கதவை அடைத்துவிடுகிறது. ஆகவே அது குர்ஆனுக்கு எதிரானது, ஷரியத்துக்கும் எதிரானது. ஷமீம் ஆரா தீர்ப்பு, இதே சொற்களில் இல்லாவிட்டாலும், இதைத்தான் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது. 141-வது பிரிவின்படி அதுவே நாட்டின் சட்டம்.

இந்த ஏணியில் 14-வது பிரிவு எங்கேயும் இல்லை. சமத்துவ உரிமையைத் தொடாமலேயே அவர் தம் முடிவை அடைந்துவிடுகிறார். இதைக் கண்டதும் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சுருக்கத்தில் நீங்கள் எழுதவேண்டிய மிக முக்கியமான வாக்கியங்களில் ஒன்று, அவர் எதைச் சொல்லவில்லை என்பதாக இருக்கும்.

## 5. ஏற்பும் மறுப்பும் வரும் சொற்களை அடிக்கோடிடுங்கள்

இப்போது இரண்டாம் வாசிப்பு. பென்சிலோடு உட்காருங்கள். மற்ற நீதிபதிகளின் பெயர் வரும் வாக்கியங்களை மட்டும் தேடி, அங்கே வரும் வினைச்சொல்லை அடிக்கோடிடுங்கள். முழுமையாக ஏற்கிறேன், ஏற்கிறேன், ஏற்பது மிகக் கடினமாக இருக்கிறது, மரியாதையுடன் மாறுபடுகிறேன், கடுமையான ஐயம் இருக்கிறது என்று நீதிபதிகள் வெவ்வேறு அழுத்தத்தில் எழுதுகிறார்கள். அந்த அழுத்தம் தமிழிலும் அப்படியே வர வேண்டும். ஐயம் தெரிவித்ததை 'நிராகரித்தார்' என்று எழுதுவது, அவர் தராத வாக்கை நீங்களாகவே போடுவதற்குச் சமம்.

குரியன் ஜோசப்பின் தீர்ப்பில் ஒரு பத்தி இருக்கிறது. புதியவர்கள் எல்லோரும் தடுமாறுவது அங்கேதான், ஆகவே அதை மெதுவாகப் பார்ப்போம். முதல் வாக்கியத்தில், 1937 சட்டம் தலாக்கை ஒழுங்குபடுத்தும் சட்டம் அல்ல என்று தலைமை நீதிபதி சொன்னதை முழுமையாக ஏற்கிறேன் என்கிறார். இங்கேயே நிறுத்திவிட்டவர், 'இவர் சிறுபான்மைத் தரப்போடு சேர்ந்தார்' என்று எழுதிவிடுவார்.

அடுத்த வாக்கியத்தில், அது முத்தலாக்கை ஒழுங்குபடுத்தும் சட்டம் என்றும், அதனால் 14-வது பிரிவில் சோதிக்கலாம் என்றும் நாரிமன் கொண்ட நிலையிலிருந்து மரியாதையுடன் மாறுபடுகிறேன் என்கிறார். இதோடு நிறுத்தியவர், 'தன்னிச்சைப் போக்குக் கோட்பாட்டை இவர் ஏற்கவில்லை' என்று எழுதுவார்.

அதற்கும் அடுத்த வாக்கியம் 'எனினும்' என்று தொடங்குகிறது. தன்னிச்சைப் போக்கு என்ற காரணத்தைக் காட்டி ஒரு சட்டத்தை எதிர்க்கலாம் என்ற தூய சட்டக் கேள்வியைப் பொறுத்தவரை, நாரிமனின் விளக்கத்தை ஏற்கிறேன் என்கிறார். மூன்று வாக்கியங்கள், மூன்று திசைகள். நம் ஏணியில் வைத்துப் பார்த்தால், முதல் படியை மறுக்கிறார், மூன்றாம் படியை ஏற்கிறார். முதல் படி இல்லாததால் நான்காம் படிக்கு அவர் ஏறவே இல்லை.

'எனினும்', 'ஆனால்', 'அது ஒருபுறமிருக்க' என்று வரும் இடங்களில் பென்சிலால் வட்டமிடுவது என் பழக்கம். உடன்பாட்டுத் தீர்ப்பின் திருப்பங்கள் பெரும்பாலும் அந்தச் சொற்களில்தான் இருக்கும்.

தலைமை நீதிபதியோடும் அவருக்கு இதே போன்ற இழுபறி உண்டு. மதச் சுதந்திரம் குறித்து அவர் சொன்னதை ஏற்கிறார். ஆனால் முத்தலாக் அந்த மதத்தின் பிரிக்க முடியாத பகுதி என்பதை ஏற்க மறுக்கிறார். நெடுங்காலமாக இருந்துவருகிறது என்பதால் மட்டும் ஒரு நடைமுறை செல்லுபடியாகிவிடாது என்பது அவர் காட்டும் காரணம். கணவர்கள் ஆறு மாதங்களுக்கு முத்தலாக் சொல்லக் கூடாது என்று 142-வது பிரிவின் கீழ் கேஹர் விதித்த தடையைக் குறித்துக் கடுமையான ஐயம் தெரிவிக்கிறார். 'ஐயம்' என்றே எழுதுங்கள்.

## 6. கேள்விக்குக் கேள்வி வாக்குகளை எண்ணுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். முடிவுக்கு எத்தனை வாக்கு என்று மட்டும் எண்ணுகிறார்கள். ஒவ்வொரு சட்டக் கேள்விக்கும் எத்தனை வாக்கு என்று எண்ணுவதில்லை. ஒரு கட்டம் போட்டால் பதினைந்து நிமிடத்தில் முடியும் வேலை இது.

| கேள்வி | கேஹர், நசீர் | குரியன் ஜோசப் | நாரிமன், லலித் |
|---|---|---|---|
| முத்தலாக் செல்லுமா? | ஆம் | இல்லை | இல்லை |
| 1937 சட்டம் முத்தலாக்கை ஒழுங்குபடுத்துகிறதா? | இல்லை | இல்லை | ஆம் |
| மதத்தின் இன்றியமையாத பகுதியா? | ஆம் | இல்லை | இல்லை |
| தன்னிச்சைப் போக்குக்காக ஒரு சட்டத்தை ரத்து செய்யலாமா? | – | ஆம் | ஆம் |
| முத்தலாக் 14-வது பிரிவுக்கு முரணா? | சோதிக்க இயலாது | – | ஆம் |
| குர்ஆனுக்கு முரண் என்பதால் ஷரியத்தில் செல்லாதா? | இல்லை | ஆம் | – |

கோடு போட்ட கட்டங்களை 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ நிரப்ப மனம் தவிக்கும். நிரப்பாதீர்கள். அந்த நீதிபதி தம் முடிவை அந்தக் கேள்வியின் மேல் நிறுத்தவில்லை என்பதுதான் அந்தக் கோட்டின் பொருள்.

இப்போது ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் பாருங்கள். முடிவுக்கு மூவர் இருக்கிறார்கள். ஆனால் அந்த முடிவுக்கு இட்டுச் சென்ற முழு வழி எதற்கும் மூவர் இல்லை. 14-வது பிரிவு வழிக்கு இருவர், ஷரியத் வழிக்கு ஒருவர். 'சமத்துவ உரிமையை மீறுவதால் முத்தலாக்கை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது' என்று நாம் அடிக்கடி படிக்கும் வாக்கியம் இந்தக் கட்டத்தின் முன் நிற்பதில்லை. அப்படிச் சொன்னவர்கள் ஐவரில் இருவர்.

இரண்டாவது வரியைப் பாருங்கள். முதன்மைத் தீர்ப்பு என்று நாம் கொண்டதன் முதல் படியே 3:2 கணக்கில் தோற்றிருக்கிறது. முடிவில் வென்றவர்களின் காரணம், அந்தக் காரணம் என்ற அளவில் அமர்வின் பெரும்பான்மையால் ஏற்கப்படவில்லை. தனித் தீர்ப்பை ஒரு வரியில் தள்ளிவிட்டால் வாசகருக்குத் தெரியாமலே போவது இதுதான். எனக்கு இந்த வழக்கில் இதைவிட முக்கியமான வரி வேறு இல்லை.

## 7. அந்த ஏற்பு எவ்வளவு எடை தாங்கும் என்று சொல்லுங்கள்

கட்டத்தின் நான்காவது வரியில் மூன்று வாக்குகள் தெரிகின்றன. தன்னிச்சைப் போக்குக்காக ஒரு சட்டத்தை ரத்து செய்யலாம் என்று மூவர் சொல்லியிருக்கிறார்கள். இதைப் 'பெரும்பான்மை' என்று எழுதலாமா?

எழுதலாம், ஒரு குறிப்போடு. ஒரு நீதிபதி தம் முடிவை அடைவதற்குத் தேவையாக இருந்த காரணம் வேறு, வழியில் சொல்லிச் சென்ற கருத்து வேறு. முன்னதுதான் பின்வரும் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும். எது எது என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு: அந்த வாக்கியத்தைத் தீர்ப்பிலிருந்து எடுத்துவிட்டால் அவருடைய முடிவு விழுமா? நாரிமனின் தீர்ப்பிலிருந்து மூன்றாம் படியை எடுத்தால் எல்லாம் விழும். குரியன் ஜோசப்பின் தீர்ப்பிலிருந்து அந்த 'எனினும்' வாக்கியத்தை எடுத்துவிட்டாலும் அவர் முடிவு அசையாது, அது ஷமீம் ஆராவின் மேல் நிற்கிறது.

ஆகவே நான் எழுதும் வாக்கியம் இப்படி இருக்கும்: 'இந்தச் சட்ட நிலையை மூன்று நீதிபதிகள் ஏற்றிருக்கிறார்கள். ஆனால் அவர்களில் குரியன் ஜோசப்பின் முடிவு இதைச் சார்ந்ததல்ல.' இதன் கட்டுப்படுத்தும் வலிமையை வழக்கறிஞர்கள் வாதிட்டுக்கொள்ளட்டும். வாதிடத் தேவையான செய்தியைக் கொடுத்துவிட்டோம். நடைமுறையில் இந்தக் கோட்பாடு வேரூன்றிவிட்டது என்பதும் உண்மை. 2018-இல் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-வது பிரிவு, திருமணம் கடந்த உறவைக் குற்றமாக்கிய 497-வது பிரிவு ஆகிய இரு வழக்குகளிலும் உச்ச நீதிமன்றம் இதைப் பயன்படுத்தியது. ஆனால் பின்னால் நடந்ததை 2017 தீர்ப்பின் சுருக்கத்துக்குள் கலக்காதீர்கள். தனிக் குறிப்பாகக் கீழே போடுங்கள்.

அமெரிக்கச் சட்டம் படித்தவர்கள் இங்கே மார்க்ஸ் விதியைக் கொண்டுவருவதுண்டு. பெரும்பான்மைக் காரணம் இல்லாத தீர்ப்பில், முடிவை ஆதரித்தவர்கள் காட்டியவற்றுள் மிகக் குறுகிய காரணத்தையே நீதிமன்றத்தின் நிலையாகக் கொள்ள வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1977-இல் வகுத்தது. அது அவர்களுடைய விதி. அதை இங்கே பொருத்திப் பார்த்தாலும் வேலை செய்யாது. ஷரியத் வழியும் 14-வது பிரிவு வழியும் ஒன்றுக்குள் ஒன்று அடங்குபவை அல்ல, எது குறுகியது என்று கேட்பதற்கே இடமில்லை.

## 8. இப்போது எழுதுங்கள், இந்த வரிசையில்

முதலில் முடிவு, வாக்குக் கணக்கோடு. அடுத்து முதன்மைத் தீர்ப்பின் காரணம், இரண்டே வாக்கியங்களில். மூன்றாவதாகத் தனித் தீர்ப்பின் கேள்வி, பிறகு அதன் சொந்த வழி. அது முடிந்த பின்புதான் எங்கே விலகுகிறார், எங்கே சேர்கிறார் என்பது. கடைசியில் அவர் தொடாமல் விட்டது.

சொந்த வழியை விலகலுக்கு முன்னால் வைப்பது ஏன்? விலகலை முதலில் சொன்னால் தனித் தீர்ப்பு வெறும் மறுப்பாகத் தெரியும். அவர் எதைக் கட்டினார் என்று தெரிந்த பிறகு, எதை ஏன் விட்டார் என்பது தானாக விளங்கும்.

ஜூனியர்களிடமிருந்து வரும் முதல் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

> நீதிபதி குரியன் ஜோசப், நீதிபதி நாரிமனின் கருத்தை ஏற்று, முத்தலாக் செல்லாது எனத் தனியாகத் தீர்ப்பளித்தார். இறையியலில் தவறானது சட்டத்திலும் தவறே என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

முதல் வாக்கியத்தில் 'கருத்தை ஏற்று' என்பது பிழை. இரண்டாவதில் 'உச்ச நீதிமன்றம்' என்பது பிழை. அது ஒரு நீதிபதியின் கூற்று, மற்ற நால்வரும் அதில் கையெழுத்திடவில்லை. அந்தச் சொற்றொடர் அழகாக இருப்பதால் எல்லோரும் எடுத்தாள்கிறார்கள், சொன்னவர் யார் என்பதை விட்டுவிடுகிறார்கள்.

மேலே சொன்ன வரிசையில் எழுதினால் இப்படி வரும்:

> முத்தலாக் நடைமுறை 3:2 பெரும்பான்மையில் ரத்து செய்யப்பட்டது. நீதிபதி நாரிமன், தமக்கும் நீதிபதி லலித்துக்குமாக எழுதிய தீர்ப்பில், 1937-ஆம் ஆண்டின் ஷரியத் சட்டம் முத்தலாக்கை நடைமுறைப்படுத்துவதாகவும், அந்த அளவுக்கு அது வெளிப்படையான தன்னிச்சைப் போக்கு கொண்டது என்பதால் 14-வது பிரிவின் கீழ் செல்லாது என்றும் கூறினார்.
>
> நீதிபதி குரியன் ஜோசப் இதே முடிவை வேறு காரணத்தால் அடைந்தார். முத்தலாக்குக்குச் சட்ட ஒப்புதல் உண்டா என்பதே அவர் எழுப்பிய கேள்வி. குர்ஆன் வேண்டும் சமரச முயற்சிக்கு முத்தலாக்கில் இடமில்லாததால், அது ஷரியத்துக்கே எதிரானது. ஷமீம் ஆரா வழக்கு (2002) இதை ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது என்றார். 1937 சட்டம் தலாக்கை ஒழுங்குபடுத்தவில்லை என்பதில் அவர் நாரிமனிடமிருந்து மாறுபட்டு, தலைமை நீதிபதி கேஹரோடு உடன்பட்டார். முத்தலாக் மதத்தின் பிரிக்க முடியாத பகுதி என்ற கேஹரின் நிலையை ஏற்கவில்லை. தன்னிச்சைப் போக்குக்காக ஒரு சட்டத்தை ரத்து செய்யலாம் என்ற நாரிமனின் சட்ட விளக்கத்தை ஏற்றார். ஆனால் தம் முடிவை அதன்மேல் நிறுத்தவில்லை. முத்தலாக் 14-வது பிரிவுக்கு முரணா என்பதை அவர் தீர்மானிக்கவில்லை.

தனித் தீர்ப்புக்கு முதன்மைத் தீர்ப்பைவிட அதிக வரிகள் கிடைத்திருக்கின்றன. அது சரியே. பக்க எண்ணிக்கையைப் பார்த்து இடம் பிரிக்கக் கூடாது. ஏற்பும் மறுப்பும் எத்தனை இடங்களில் மாறுகின்றனவோ அத்தனை வாக்கியங்கள் வேண்டும். முழுவதும் ஒத்துப்போகும் ஐம்பது பக்க உடன்பாட்டுத் தீர்ப்புக்கு இரண்டு வரியே போதும்.

## 9. எழுதிய பின் கவனிக்க வேண்டிய சொற்கள்

வரைவில் 'நீதிமன்றம்' என்ற சொல் வரும் இடங்களை எல்லாம் தேடுங்கள். ஒவ்வொன்றிலும், இதைச் சொன்னவர்கள் மூவரா என்று கட்டத்தோடு ஒப்பிடுங்கள். மூவர் இல்லையென்றால் நீதிபதியின் பெயரைப் போடுங்கள்.

'மேலும்', 'அதே போல்' என்று தொடங்கும் வாக்கியங்களையும் பாருங்கள். இரண்டு காரணங்களை ஒன்றுக்கொன்று துணையாக ஒட்டவைக்கும் சொற்கள் இவை. 'முத்தலாக் 14-வது பிரிவுக்கு முரணானது, மேலும் ஷரியத்துக்கும் எதிரானது' என்று எழுதினால், மூவரும் இரண்டையும் சொன்னதுபோல் ஆகிவிடுகிறது. உண்மையில் நாரிமனின் வழிக்கு 1937 சட்டம் முத்தலாக்கைத் தாங்கிப்பிடித்தாக வேண்டும். குரியன் ஜோசப்பின் வழிக்கு அது தாங்கிப்பிடிக்கவே கூடாது. ஒட்டவைக்க முடியாத இரண்டு அவை.

## 10. வேறொருவரிடம் கொடுத்துச் சோதியுங்கள்

தீர்ப்பைப் படிக்காத ஒருவரிடம் சுருக்கத்தை மட்டும் கொடுங்கள். படித்து முடித்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள். முதன்மைத் தீர்ப்பு இல்லாமல் போயிருந்தால் குரியன் ஜோசப்பின் முடிவு மாறியிருக்குமா? 1937 சட்டம் பற்றி அமர்வில் எத்தனை பேர் என்ன நினைத்தார்கள்? 14-வது பிரிவு மீறப்பட்டது என்று சொன்னவர்கள் எத்தனை பேர்?

மாறியிருக்காது, மூவர் 'ஒழுங்குபடுத்தவில்லை' என்றார்கள், இருவர் என்று அவர் சொன்னால் சுருக்கம் தயார். மூன்றாவது கேள்விக்கு 'மூவர்' என்று பதில் வந்தால், தவறு உங்கள் கடைசி இரண்டு வாக்கியங்களில்தான் இருக்கும். அங்கே போய், தம் முடிவை அதன்மேல் நிறுத்தவில்லை என்பதை இன்னும் அழுத்தமாக எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு வாக்கியத்தின் எதிரேயும், அது வந்த தீர்ப்பின் பத்தி எண்ணைக் குறித்துக் கோப்பில் சேருங்கள். பக்க எண் வேண்டாம், பதிப்புக்குப் பதிப்பு அது மாறும். மூன்று தீர்ப்புகள் இருப்பதால், எண்ணுக்கு முன்னால் எழுதிய நீதிபதியின் பெயரும் இருக்கட்டும்.